P0011 கோடும் எஞ்சின் ஆயிலும்: சோலெனாய்டு வாங்குவதற்கு முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: காரில் செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் P0011 வருகிறது. வால்வு டைமிங் சோலெனாய்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஆயில் மாற்றி ரொம்ப நாளாகிறது. ஆயில் பழசானாலோ குறைந்தாலோ இந்தக் கோடு வருமா? அல்லது சோலெனாய்டை மாற்றியே ஆக வேண்டுமா?

வரும். ஆயிலால்தான் வந்தது என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிலைப் பார்க்காமல் சோலெனாய்டை மாற்றுவது வரிசை தப்பிய வேலை. உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, அதில் முதல் படிக்குச் செலவே இல்லை.

முதலில் அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். ‘இந்தப் பாகம் கெட்டுவிட்டது’ என்று P0011 சொல்வதில்லை. ‘இன்டேக் கேம்ஷாஃப்ட்டை இந்தக் கோணத்தில் நிறுத்தச் சொன்னேன், அது அங்கே இல்லை’ என்கிறது, அவ்வளவுதான். காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் இன்டேக் கேம்ஷாஃப்ட். ஏன் இல்லை என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கிராங்க்ஷாஃப்ட் சென்சாரையும் கேம்ஷாஃப்ட் சென்சாரையும் ஒப்பிட்டு, கேட்ட கோணத்துக்கும் கிடைத்த கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் சில விநாடிகளுக்கு மேல் நீடித்தால் கோடைப் பதிவு செய்கிறது. பல கார்களில் முதல் தடவையிலேயே லைட் எரியாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் எரியும்.

கேம்ஷாஃப்ட்டைத் திருப்புவது எது என்பதில்தான் ஆயிலின் பங்கு இருக்கிறது. கேம்ஷாஃப்ட்டின் முனையில், டைமிங் செயின் ஓடும் பல்சக்கரத்துக்குள்ளேயே, ஃபேஸர் என்ற ஒரு பாகம் இருக்கும். அதன் வெளிக்கூடு பல்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். உள்ளே இருக்கும் ரோட்டர் கேம்ஷாஃப்ட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ரோட்டரின் தகடுகளுக்கு இரண்டு பக்கமும் ஆயில் அறைகள். ஒரு பக்கம் ஆயில் அழுத்தம் கொடுத்தால் கேம் முன்னால் போகும், அதாவது வால்வு சீக்கிரம் திறக்கும். மறுபக்கம் கொடுத்தால் பின்னால் வரும். எந்தப் பக்கம் எவ்வளவு ஆயில் போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் நீங்கள் மாற்றப் போகும் சோலெனாய்டு. அதைப் பலர் ஓசிவி என்பார்கள். அதற்குள் ஒரு சின்ன உருளை முன்னும் பின்னும் நகர்ந்து துளைகளைத் திறந்து மூடும். சோலெனாய்டு திசையை மட்டும்தான் காட்டுகிறது. கேம்ஷாஃப்ட்டைத் தள்ளும் பலம் முழுவதும் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்திலிருந்து வருகிறது. உங்கள் எஞ்சினில் ஆயில் வெறும் மசகு மட்டும் இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியில் இருக்கும் ஆயில் போல வேலை செய்யும் திரவமும் அதுதான்.

அதனால் ஆயில் இரண்டு வழியில் இந்தக் கோடைக் கொண்டுவரும். இரண்டும் வேறு வேறு விதமாக நடக்கும், பிரித்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

ஒன்று, ஆயில் குறைவது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் மட்டம் இறங்கினால், திருப்பங்களிலும் பிரேக் போடும்போதும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் உறிஞ்சும் வாய் காற்றையும் சேர்த்து இழுக்கும். காற்றுக் குமிழ் கலந்த ஆயில் அமுங்கும், அதனால் தகட்டை உறுதியாகத் தள்ளாது. போதாக்குறைக்கு, இருக்கிற கொஞ்ச ஆயிலே திரும்பத் திரும்பச் சுற்றுவதால் அதிகம் சூடாகி இளகும். ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் இன்னும் இறங்கும். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது வால்வு ஸ்பிரிங் அதை எதிர்த்துப் பிடித்து, பொதுவாகப் பின்பக்கமாகவே இழுக்கும். அழுத்தம் போதவில்லை என்றால் கேம் முன்னால் போக முடியாமல் பின்தங்கும். ஆகவே வெறும் ஆயில் குறைவுக்கு P0012 என்ற கோடுதான் கணக்குப்படி பொருத்தம். ஆனால் P0011-இன் விளக்கத்தில் ‘அதிகம் முன்னால் போய்விட்டது’ என்பதோடு ‘அமைப்பு ஒழுங்காக வேலை செய்யவில்லை’ என்பதும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் ஆயில் குறைந்த காரில் P0011 வருவதும் சகஜம்தான்.

சிவப்பு ஆயில் லைட் எரியவில்லையே, அப்படியென்றால் ஆயில் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று பலர் கேட்பார்கள். இல்லை. அந்த லைட் ஆயிலின் அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. அதுவும் அழுத்தம் ஒரு பாரில் பாதிக்கும் கீழே போனால்தான் பெரும்பாலான கார்களில் எரியும். ஃபேஸருக்கு அதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவை. அதனால் லைட் எரியாத ஒரு இடைவெளியில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபேஸர் மட்டும் சிரமப்படும். ஆயில் பற்றாக்குறையை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வால்வு டைமிங் கோடாக இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, ஆயில் அழுக்காவது. சோலெனாய்டுக்குள் நகரும் உருளைக்கும் அதன் கூட்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி மிக மிகக் குறைவு. நாள்பட்ட ஆயில் சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, பிசுக்காகி, வார்னிஷ் பூச்சு போல அந்த உருளையில் படியும். சின்னச் சின்னத் தூரம் ஓட்டி நிறுத்தும் கார்களில், எரியாத எரிபொருளும் ஈரமும் ஆயிலில் கலந்து வெளியேறாமல் தங்குவதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உருளை ஒட்டிக்கொண்டால் எந்த நிலையில் ஒட்டியதோ அந்த நிலையிலேயே கேமும் நிற்கும். முன்னால் தள்ளும் நிலையில் ஒட்டினால் P0011. பல எஞ்சின்களில் சோலெனாய்டுக்கு ஆயில் போகும் வழியில் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும். சிலவற்றில் அது சோலெனாய்டின் மேலேயே இருக்கும், சிலவற்றில் தனியாக ஒரு போல்ட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அது அடைத்தால் சோலெனாய்டு புதிதாக இருந்தும் பயனில்லை. சோலெனாய்டு மாற்றிய பிறகும் அதே கோடு திரும்பி வருவதாகப் புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த வலையைக் கழற்றிப் பார்த்தார்களா என்பதுதான்.

ஒரு விஷயம், ஆயில் கறுப்பாக இருந்தாலே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கரியைத் தன்னுள் மிதக்க வைத்திருப்பது ஆயிலின் வேலைகளில் ஒன்று, அதனால் நல்ல ஆயிலும் கறுக்கும். பார்க்க வேண்டியது வேறு இடம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் பெரிய பிரச்சினை இல்லை. விரலால் தொட்டால் கிரீஸ் போல ஒட்டுகிற கறுப்புப் படிவு தெரிந்தால், சோலெனாய்டுக்குள்ளும் அதுவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வேலையில் இறங்குவோம். ஒரு காரை வைத்துச் சொல்கிறேன். நண்பர் ஒருவருடைய 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 1,40,000 கிலோமீட்டர் தாண்டியது. உங்களுக்கு வந்த அதே P0011. அவருக்கும் சோலெனாய்டு மாற்றச் சொல்லியிருந்தார்கள். கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்தோம். கோடு பதிவான நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைக்கும் குறிப்பு அது. சாதாரண ஸ்கேனரிலும் வரும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும், அதனால் முதலில் அதைப் படம் எடுத்து வையுங்கள். அதில் கூலன்ட் வெப்பம் 94 டிகிரி, எஞ்சின் வேகம் 720 ஆர்பிஎம், வண்டியின் வேகம் 0. எஞ்சின் நன்றாகச் சூடேறி, சிக்னலிலோ வாசலிலோ நின்றுகொண்டிருந்தபோது வந்த கோடு. சூடான ஐட்லிங்கில்தான் ஆயில் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். இதே கோடு காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பதிவாகியிருந்தால், குறைவைவிட ஆயில் தடிமனாக இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். 0W-20 ஊற்ற வேண்டிய எஞ்சினில் ‘பழைய எஞ்சின், கெட்டி ஆயில் ஊற்று’ என்று 20W-50 ஊற்றியிருந்தால், குளிரில் அது நகர்ந்து ஃபேஸரை நிரப்புவதற்குள் கம்ப்யூட்டரின் பொறுமை போய்விடும்.

அப்புறம் டிப்ஸ்டிக். சமதரையில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்கப் 10 நிமிடம் விட்டு, துடைத்து, முழுவதும் சொருகி எடுத்துப் பார்த்தோம். நுனியில் ஒரு பொட்டு ஈரம், அவ்வளவுதான். கீழ்க்கோட்டையே தொடவில்லை. நிறைய கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம். அப்படியென்றால் ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆயிலை வடித்தபோது அளக்கும் பாத்திரத்தில் விட்டுப் பார்த்தோம். 4.2 லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் இருந்து வந்தது இரண்டரை லிட்டர் மட்டுமே. நிறம் தார் மாதிரி, கடைசியாக மாற்றி 16,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. குறைவும் இருந்தது, அழுக்கும் இருந்தது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும், மாற்ற மறக்கிறவர் மட்டத்தையும் பார்ப்பதில்லை.

சோலெனாய்டையும் சோதித்தோம். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் இரண்டு பின்களுக்கு இடையே அளந்தால் சுமார் 7 ஓம். அந்த எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் இருந்த எல்லைக்குள் அது இருந்தது. உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை அதன் மேனுவலில் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே எண் கிடையாது. காயில் நன்றாக இருக்கிறது என்பதோடு வேலை முடியவில்லை. காயில் நன்றாக இருந்தும் உருளை ஒட்டிக்கொள்ளலாம். சோலெனாய்டைக் கழற்றி, 12 வோல்ட்டை ஒரு நொடிக்கு மட்டும் தொட்டு எடுத்தால் உருளை சட்டென்று நகர வேண்டும், விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். இதில் நகர்ந்தது, ஆனால் திரும்பி வரச் சோம்பேறித்தனம் காட்டியது. கார்பரேட்டர் கிளீனர் அடித்து, மறுபடி மறுபடி இயக்கியதில் சுத்தமாக நகரத் தொடங்கியது. வலை ஃபில்டரில் கறுப்புத் தூள் பாதிக்கு மேல் அடைத்திருந்தது.

மாற்றியது இவ்வளவுதான்: மேனுவலில் சொன்ன கிரேடில் புது ஆயில், ஆயில் ஃபில்டர், சோலெனாய்டின் ஓ-ரிங். கோடை அழித்து, எஞ்சினைச் சூடேற்றி, நேரடி டேட்டாவைப் பார்த்தோம். அவருடைய கார் டொயோட்டா என்பதால் கம்பெனி அளவிலான ஸ்கேனரில் `VVT Aim Angle`, `VVT Change Angle`, `VVT OCV Duty` என்று மூன்று வரிகள் வரும். முதலாவது கம்ப்யூட்டர் கேட்கும் கோணம், இரண்டாவது உண்மையில் இருக்கும் கோணம், மூன்றாவது சோலெனாய்டுக்கு அது கொடுக்கும் கட்டளையின் அளவு. மற்ற கார்களில் பெயர் மாறும். விலை குறைந்த ஸ்கேனர்களில் இவை வராமலும் போகலாம். முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டே நகர்ந்தால் எல்லாம் சரி. கேட்ட கோணம் ஏறியும் உண்மைக் கோணம் அசையாமல் நின்று, டியூட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனால், கம்ப்யூட்டர் கத்துகிறது, ஆயில் பக்கம் யாரும் கேட்கவில்லை என்று பொருள். ஆயில் மாற்றும் முன் அந்தக் காரில் அப்படித்தான் இருந்தது. மாற்றிய பிறகு இரண்டு கோணமும் சேர்ந்து நகர்ந்தன.

அந்த இடத்தில் ஒரு சபலம் வரும்: எஞ்சின் ஃப்ளஷ் ஊற்றி உள்ளே இருக்கும் எல்லா அழுக்கையும் ஒரே நாளில் கழுவிவிடலாமே என்று. படிவு கனமாக இருக்கும் எஞ்சினில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஒரேயடியாகப் பெயர்ந்து வரும் கட்டிகள் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைத்தால், வால்வு டைமிங் கோடு இருந்த இடத்தில் பேரிங் போன எஞ்சின் இருக்கும். அதற்குப் பதில் நல்ல ஆயிலை ஊற்றி 1,500 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது மெதுவான, பாதுகாப்பான வழி. அந்தக் காரிலும் அதைத்தான் செய்தோம். அதே போல, குறைந்ததே என்று பயந்து மேல்கோட்டுக்கு மேலே ஊற்றிவிடாதீர்கள். கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை பம்புக்குப் போனால் ஆயில் குறைந்தபோது வந்த அதே தொல்லை, வேறு வாசல் வழியாக.

ஆயில் மாற்றியும் கோடு போகவில்லை என்றால்? சில நாள் பொறுங்கள். நீங்கள் அழிக்காவிட்டாலும் கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் முடிந்தால் லைட் தானாக அணையும். ஒட்டிய உருளை புது ஆயிலில் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுவதும் உண்டு. அதன் பிறகும் வந்தால் இப்போது சோலெனாய்டு மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அது கழற்ற எளிதான பாகம், பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட். அதுவும் பலிக்கவில்லை என்றால் ஃபேஸரே தேய்ந்திருக்கலாம். அதற்கு ஒரு அடையாளம் உண்டு. இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு விநாடி ‘கடகட’ என்று சத்தம் வந்து நின்றுவிடும். ஆயில் வரும் வரை ரோட்டரைப் பூட்டி வைக்கும் பின் தேய்ந்துவிட்டதால் தகடு கூட்டில் மோதும் சத்தம் அது. ஃபேஸரை மாற்ற டைமிங் கவரைத் திறக்க வேண்டும், வேலை பெரியது. ஃபில்டரின் உள்ளே ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு மோசமாக இருந்தாலும் இந்தச் சத்தம் வரலாம். அதனால் அவ்வளவு தூரம் போவதற்கு முன் தரமான ஃபில்டர் ஒன்று போட்டுப் பாருங்கள்.

கோடு எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் கதை மாறும் என்பதையும் கவனியுங்கள். P0010 வந்தால் அது சோலெனாய்டின் மின்சுற்று: வயர், கனெக்டர், காயில். ஆயில் எவ்வளவு மாற்றினாலும் அது போகாது. P0016 வந்தால் கேமும் கிராங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். செயின் நீண்டிருக்கலாம், பல் தாண்டியிருக்கலாம். P0011-உடன் P0016-ம் சேர்ந்து வந்தால் ஓட்டிப் பார்ப்போம் என்ற யோசனையே வேண்டாம். செயின் தாண்டினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் இடிக்கும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் நிற்கிறது, எனவே அங்கேயும் ஆயிலைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்க முடியாது. சில புது எஞ்சின்களில் இன்டேக் கேமை மின்மோட்டாரே திருப்பும். உங்கள் கார் அந்த வகை என்றால் நான் மேலே சொன்ன ஆயில் கணக்கு அந்த கேமுக்குப் பொருந்தாது. மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை ஓட்டலாமா என்றால், டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியான மட்டத்தில் இருந்து, சத்தம் இல்லாமல், P0011 மட்டும் இருந்தால் ஒர்க்‌ஷாப் வரை நிதானமாக ஓட்டிப் போகலாம். கேம் முன்னால் ஒட்டியிருந்தால் ஐட்லிங் நடுங்கும், சிக்னலில் அணையலாம். பின்னால் நின்றிருந்தால் ஐட்லிங் சாதாரணமாக இருக்கும், பிக்கப்பும் மைலேஜும் குறையும். டிப்ஸ்டிக் காய்ந்திருந்தால் ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிவப்பு ஆயில் லைட் எரிந்தாலோ, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினாலோ ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்த நண்பரின் காரில் கோடு போன பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் ஆயில் எங்கே போனது? கீழே சொட்டு இல்லை. அதனால் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே முறையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து எழுதி வைக்கச் சொன்னேன். 1,500 கிலோமீட்டரில் மட்டம் பாதி இறங்கியது, அதாவது அரை லிட்டர். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகைக்குழாயில் நீலச் சாயல் புகை. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தது, அதை மாற்றியதில் குறைவு பாதியாகியது. மீதி பிஸ்டன் ரிங்கில் இருக்கிறது, எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்கு இல்லை. இப்போது அவர் டிக்கியில் அதே கிரேடில் ஒரு லிட்டர் கேன் வைத்திருக்கிறார். நீங்களும் ஆயில் குறைந்திருந்தது என்று கண்டுபிடித்தால் ஊற்றியதோடு விட்டுவிடாமல் இந்தக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக் மட்டமும் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும் மூன்று எண்களும் எழுதினால், அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்கிறேன்.